ஜவுளிக் கடைக்கு ஒரு கபடிக் கடிதம்

ஊர் விளையாட்டுப் போட்டிக்கு விளம்பரதாரராக வரும்படி உள்ளூர்க் கடைக்கு எழுதும் கடிதம், உண்மையில் ஒரு விற்பனைக் கடிதம். மன்றம் பணம் கேட்கிறது. பதிலுக்குக் கடையின் பெயரை மக்கள் கண்ணிலும் காதிலும் விழ வைப்பதாகச் சொல்கிறது. இளைஞர் மன்றங்கள் எழுதும் கடிதங்களில் பல இதை மறந்துவிடுகின்றன. மன்றம் தொடங்கிய ஆண்டு, வாங்கிய கோப்பைகள், விளையாட்டின் பெருமை என்று பத்து வரி ஓடும். கடைக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டும் “தங்கள் விளம்பரம் இடம்பெறும்” என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். கடை முதலாளி தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.

பொங்கலையொட்டித் தமிழ்நாட்டு ஊர்களில் நடக்கும் மின்னொளி கபடிப் போட்டியை எடுத்துக்கொள்ளலாம். யாரிடம் கேட்பது என்பதே முதல் கேள்வி. பெயின்ட் கடைக்கு மார்கழிதான் சூடான மாதம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலை போகிக்குள் முடிந்துவிடும். காணும் பொங்கல் அன்று மைதானத்தில் பெயின்ட் கடை பேனர் தொங்குவதால் அந்தக் கடைக்குப் பெரிய பலன் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே சுற்றுவட்டாரமெங்கும் ஒட்டப்படும் நோட்டீஸில் பெயர் வந்தால் உண்டு. ஜவுளிக் கடையின் நிலை வேறு. தை முகூர்த்தங்களுக்குத் துணி எடுக்கப் போகும் குடும்பங்கள்தான் விடுமுறை இரவில் கபடி பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே, யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்பதைக் கடையின் வியாபாரக் காலத்தோடு பொருத்திக் காட்டும் கடிதத்துக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கபடியில் விளம்பரத்துக்கு மூன்று வழிகள் உண்டு: நோட்டீஸ், மைக், பேனர். மூன்றில் மைக்கின் மதிப்பைத்தான் மன்றங்கள் குறைத்து எடைபோடுகின்றன. தோற்ற அணி வெளியேறும் முறையில் 16 அணிகள் ஆடினால், இறுதிப் போட்டியையும் சேர்த்து 15 ஆட்டங்கள் நடக்கும். விதிப்படி ஆண்கள் ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, நடுவில் 5 நிமிட இடைவேளை. ஊர்ப் போட்டிகளில் நேரத்தைக் குறைத்துக்கொள்வது வழக்கம்; ஆனாலும் வர்ணனை ஓய்வதில்லை. ஆட்டத்துக்கு இரண்டு முறை, இடைவேளையிலும் முடிவிலும், கடை பெயரைச் சொன்னால் இரண்டு இரவில் 30 முறை ஆகிறது. “மைக்கில் அறிவிக்கப்படும்” என்பதைவிட “30 முறை அறிவிக்கப்படும்” என்று எழுதினால் முதலாளிக்குக் கணக்குப் புரியும்.

பேனருக்கு இடம்தான் எல்லாம். 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள களத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கூட்டம் நிற்கும். கூட்டத்துக்குப் பின்னால் கட்டிய பேனரை யாரும் பார்ப்பதில்லை. முன்னால் தாழ்வாகக் கட்டியது ஆட்டம் சூடுபிடித்ததும் கால்களுக்கு இடையே மறைந்துபோகும். ஸ்கோர் மேசையின் முகப்பும், கைப்பேசியில் நேரலை எடுப்பவரின் எதிர்ப்பக்கமும் கடைசிவரை மறையாத இடங்கள். இந்த இரண்டில் ஒன்றைக் கடிதத்திலேயே பெயர் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது தொகை. “தங்களால் இயன்றதை” என்று எழுதினால் கைக்கு வருவது ஐந்நூறோ ஆயிரமோதான். ஒரு மாதிரிக் கணக்கு: பரிசுத் தொகை ரூ. 60,000, விளக்கு, மைக் செட், மைதானம் ரூ. 30,000, நடுவர்களும் சாப்பாடும் ரூ. 22,000, கோப்பையும் அச்சும் ரூ. 8,000. மொத்தம் ரூ. 1,20,000. அணிக்கு 500 வீதம் நுழைவுக் கட்டணத்தில் 8,000, ஊர் வசூலில் 52,000 கிடைத்தால் மீதி ரூ. 60,000 வெளியிலிருந்து வர வேண்டும். அது பரிசுத் தொகைக்குச் சரியாக இருக்கிறது: முதல் பரிசு 25,000, இரண்டாம் பரிசு 15,000, மூன்றும் நான்கும் தலா 10,000. இப்படிப் பிரித்து ஒவ்வொரு பரிசையும் ஒவ்வொரு கடையிடம் கேட்பது ஊர் வழக்கத்துக்கும் ஒத்தது. “முதல் பரிசு வழங்குபவர்” என்ற வரி நோட்டீஸில் கடைக்குக் கௌரவமான இடத்தையும் தருகிறது.

அனுப்புநர், பெறுநர் போக, கடிதத்தின் உடல் இவ்வளவு இருந்தால் போதும்:

“பொருள்: பொங்கல் மின்னொளி கபடிப் போட்டி – முதல் பரிசு ரூ. 25,000 வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் ஆகிய இரு இரவுகளில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் 16 அணிகள் பங்கேற்கும் கபடிப் போட்டி நடத்துகிறோம். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து குடும்பத்தோடு மக்கள் வருவார்கள். தை முகூர்த்தத்துக்குத் துணி எடுக்கத் தங்கள் கடைக்கு வருபவர்களும் இவர்களே. முதல் பரிசைத் தாங்கள் வழங்கினால், 500 நோட்டீஸ்களின் தலைப்பில் தங்கள் கடை பெயர் வரும். மைக்கில் 30 முறை அறிவிக்கப்படும். ஸ்கோர் மேசை முகப்பு தங்களுக்கே. பரிசைத் தாங்களே மேடையில் வழங்க வேண்டுகிறோம். வேறு ஜவுளிக் கடை விளம்பரத்தை ஏற்க மாட்டோம். நோட்டீஸ் மார்கழி 5 அன்று அச்சுக்குப் போகிறது. அதற்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.”

கடைசி மூன்று வாக்கியங்கள் இல்லாததால்தான் பல மன்றங்கள் மாட்டிக்கொள்கின்றன. ஒரே தெருவின் இரண்டு ஜவுளிக் கடைகளிடமும் பணம் வாங்கி, இரண்டு பெயரையும் ஒரே நோட்டீஸில் போட்டால் இருவருக்கும் கோபம்தான் மிஞ்சும். அச்சு முடிந்த பிறகு கடிதம் கொண்டுபோனால் விற்பதற்கு மைக் மட்டுமே மீதி இருக்கும். தொகையும் அதற்கேற்பக் குறையும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஜவுளிக் கடைப் படியேறுவதும் வீண். கல்லாவை விட்டு முதலாளி நிமிர மாட்டார். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த கார்த்திகையின் ஒரு காலை வேளை பொருத்தமானது. கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஓடாமல், பெரியவர் ஒருவரோடு போய் நேரில் பேசுவது நல்லது.

பணத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ தரும்படி கேட்க வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அதை வணிகச் செலவாகக் கழிக்க முடியாது. முதலாளியின் ஆடிட்டர் இதைக் கட்டாயம் சொல்வார். அதனால் ரசீதில் “நன்கொடை” என்று எழுதாமல் “விளம்பரக் கட்டணம்” என்று எழுதுவதே கடைக்கு உதவும். கடை கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ இருந்தால், இத்தகைய தொகைக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யைக் கடையே கட்ட நேரலாம். அதை அவர்கள் யோசிக்க அவகாசம் தர வேண்டும்.

சாலையில் பிளக்ஸ் பேனர் வைப்பதாக வாக்குக் கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியில்லாத பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் உயிரிழந்த பிறகு நீதிமன்றமும் அதிகாரிகளும் இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். அனுமதியில்லாத பேனரில் கடை பெயர் இருந்தால் வம்பு கடைக்கும் வரும். மைதானத்துக்குள் கட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, அதையே கடிதத்திலும் எழுதலாம்.

போட்டி முடிந்த வாரத்திலேயே ஒட்டிய நோட்டீஸின் படம், ஸ்கோர் மேசையின் படம், பரிசளிப்புப் படம், வரவு செலவுக் கணக்கு ஆகிய நான்கையும் கடையில் சேர்க்க வேண்டும். அடுத்த தைக்கு எழுதும் கடிதத்தோடு இவற்றின் நகலை இணைத்தால், மன்றத்தின் பழம்பெருமையைச் சொல்லும் அந்தப் பத்து வரிகளுக்குத் தேவையே இருக்காது.