அலைக்கு அடியில் எத்தனை ஆண்டுகள்?

ஹொகுசாயின் ‘பேரலை’ அச்சுப்படத்தின் பிரதி ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு அருங்காட்சியகம் தரும் விவரங்களில் ஆண்டு போலத் தோன்றும் எண்கள் பல. ஓவியரின் வாழ்நாள் 1760–1849. அச்சான காலம் `ca. 1830–32`. நன்கொடை வரியின் கடைசியில் 1929. போதாக்குறைக்கு, பதிவு எண் `JP1847`.

விவர அட்டையைப் போனில் படமெடுத்து எழுத்தைப் பிரித்தெடுத்தால், பெரிய தலைப்பும் கீழேயுள்ள பொடி எழுத்தும் ஒரே பத்தியாகக் கலந்து வந்துவிடலாம். அதைச் சுருக்கி ‘பேரலை, 1929’ என்று யாராவது எழுதினால், ஓவியர் இறந்து எண்பது ஆண்டு ஆயிற்றே என்று பிடித்துவிடலாம். ‘பேரலை, 1847’ என்று எழுதினால்தான் ஆபத்து. அப்போது ஹொகுசாய் உயிரோடு இருந்தார்; யாருக்கும் சந்தேகமே வராது.

ஆகவே தலைப்பைத் தனியே எழுதிவிட வேண்டும். அது இரண்டு வரியாக மடிந்திருந்தால் ஒன்றாகச் சேர்க்கலாம். அட்டையின் அகலம் செய்த மடிப்புதான் அது. பிறகு காலம், அளவு, நன்கொடைக் குறிப்பு, பதிவு எண் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி. `ca.` என்பதை விட்டுவிடக் கூடாது. அது போனால் ‘ஏறக்குறைய’ என்று அருங்காட்சியகம் சொன்னதை நாம் உறுதியாகச் சொன்னதாகிவிடும்.

அளவில்தான் அதிகம் தடுமாறுகிறது. உயரம் `10 1/8` அங்குலம், அகலம் `14 15/16`. இடைவெளி விழுங்கப்பட்டால் முதல் எண் `101/8` ஆகிவிடும், அதாவது பன்னிரண்டரை அங்குலத்துக்கும் மேல். நல்லவேளையாகப் பக்கத்திலேயே செ.மீ. கணக்கும் இருக்கிறது: 25.7 × 37.9. அங்குலத்தை 2.54 ஆல் பெருக்கிப் பாருங்கள். 10.125 அங்குலம் 25.7 செ.மீ. ஆகிறது, சரி. பன்னிரண்டரை என்றால் 32 வந்துவிடும். படம் குறுக்குவாட்டமானது என்பதால் அகலம் பெரிதாக இருப்பதும் பொருந்துகிறது.

நன்கொடைக் குறிப்பு இது: `H. O. Havemeyer Collection, Bequest of Mrs. H. O. Havemeyer, 1929`. சர்க்கரை ஆலை அதிபரான ஹேவமையர் 1907-இல் காலமானார். அவர் மனைவி லூயிசின் 1929-இல். சேகரிப்பு கணவரின் பெயரில் இருக்க, வந்து சேர்ந்தது அந்த அம்மாளின் உயில் வழியாக. ‘ஹேவமையர் நன்கொடை’ என்று சுருக்கினால் உயிலும் போகும், கொடுத்தவரும் மாறிப்போவார். இந்த வரியை ஒரு காற்புள்ளிகூட மாறாமல் எழுதுவதே நல்லது.

மரக்கட்டை அச்சு என்பதால் இதே பேரலை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் வேறு பல இடங்களிலும் உண்டு. தலைப்பை வைத்து எது எந்தத் தாள் என்று சொல்லவே முடியாது. நன்கொடைக் குறிப்பும் பதிவு எண்ணும்தான் சொல்லும். அவை பொடி எழுத்தில், கண்ணாடி பளபளக்கும் இடத்தில் இருக்கலாம் என்பதால், முழு அட்டையை ஒரு முறை எடுத்தபின் அடிப்பகுதியை மட்டும் கிட்டப்போய் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளுங்கள்.