உயரமா, அகலமா?

பிரசவ அறையில் குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அந்த நேரத்தில் செவிலியர் கேட்டு வாங்கும் முதல் பொருள்களில் ஒன்று, பச்சை அல்லது சாம்பல் நிறக் காது வைத்த ஊசிக்குழாய். கையில் ஏற்கெனவே இளஞ்சிவப்பு நிறக் குழாய் ஒன்று இருந்தாலும், அதன் வழியே சலைன் ஏறிக்கொண்டிருந்தாலும், இன்னொரு கையில் தடிமனான ஒன்றைப் போட்டே தீருவார்கள். பக்கத்தில் நிற்கும் உறவினருக்கு இது புரியாது. இருக்கிற குழாயிலேயே பாட்டிலை இன்னும் உயரத்தில் மாட்டினால் வேகமாக ஏறாதா என்று தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, பாரிஸ் நகரத்து மருத்துவர் ஒருவர் கண்ணாடிக் குழாய்களை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் செய்த சோதனைகளுக்குப் போக வேண்டும்.

வென்ஃப்ளான் என்று நம் மருத்துவமனைகளில் எல்லோரும் சொல்லும் அந்த ஊசிக்குழாயின் நிறம், அதன் தடிமனைக் குறிக்கிறது. மஞ்சள் மிக மெல்லியது, குழந்தைகளுக்கானது. அடுத்து நீலம், இளஞ்சிவப்பு, பச்சை, சாம்பல், ஆரஞ்சு என்று தடிமன் ஏறிக்கொண்டே போகும். உறையின் மேல் நிமிடத்துக்கு எத்தனை மில்லி பாயும் என்றும் அச்சிட்டிருப்பார்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறினாலும் இளஞ்சிவப்பில் ஏறத்தாழ 60 மில்லி, ஆரஞ்சில் 270 முதல் 300 மில்லி வரை என்று இருக்கும். இளஞ்சிவப்புக் குழாயின் உள்விட்டம் சுமார் 0.8 மில்லிமீட்டர், ஆரஞ்சினுடையது சுமார் 1.7. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. கண்ணால் பார்த்தால் பெரிதாகத் தெரியாத அந்த இடைவெளிதான் ஒரு லிட்டர் சலைன் கால் மணி நேரத்துக்கு மேல் ஏறுவதா, நான்கே நிமிடத்தில் ஏறுவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

பாடப்புத்தகத்தில் பாய்சொய் சமன்பாடு என்று படித்திருப்போம். அந்தப் பெயருக்குரியவர் ழான் லெயோனார் மாரி ப்வாசேய். மருத்துவம் படித்தவர். அவருடைய அக்கறை நீரில் இல்லை, உடலின் நுண்குழாய்களில் ஓடும் இரத்தத்தில் இருந்தது. ஆனால் இரத்தம் உறையும். அதை வைத்துத் துல்லியமாக அளப்பது அக்காலத்தில் கடினம். எனவே வடித்த நீரையும், மயிரிழைபோல் துளையுள்ள கண்ணாடிக் குழாய்களையும் எடுத்துக்கொண்டார். அழுத்திய காற்றைக் கொண்டு நீரைத் தள்ளி, இரண்டு கோடுகள் போட்ட ஒரு கண்ணாடிக் குமிழில் நீர்மட்டம் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். வெப்பநிலை மாறினால் நீரின் பிசுக்கு மாறிவிடும் என்பதால் குழாயை நீர்த்தொட்டிக்குள் அமிழ்த்தி வைத்தார். துளையின் விட்டத்தை நுண்ணோக்கியில் அளந்தார். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: பாயும் அளவு அழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதம், குழாயின் நீளத்துக்கு எதிர்விகிதம், விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம். அவரை அறியாமலே, ஜெர்மானியப் பொறியாளர் ஹாகன் பித்தளைக் குழாய்களில் சோதித்து 1839-இல் இதையொட்டிய முடிவுக்கே வந்திருந்தார். இன்று அதை இப்படி எழுதுகிறோம்:

Q = π ΔP r⁴ / (8 η L)

Q ஒரு நொடியில் பாயும் கனஅளவு, ΔP இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு, r ஆரம், L நீளம், η நீர்மத்தின் பாகுநிலை.

அழுத்தம் ஒன்றாம் அடுக்கோடு நிற்கிறது. ஆரம் நான்காம் அடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தத்தை இரட்டித்தால் ஓட்டம் இரட்டிக்கும். ஆரத்தை இரட்டித்தால் பதினாறு மடங்காகும். குழாயின் வாய் அகலமானால் பரப்பு நான்கு மடங்காகும், அதனால் ஓட்டமும் நான்கு மடங்காகலாம், அதுவரை யாருக்கும் எளிதில் பிடிபடும். மீதி நான்கு மடங்கு எங்கிருந்து வருகிறது?

சுவரிலிருந்து வருகிறது. குழாயின் சுவரை ஒட்டிய நீர் நகர்வதே இல்லை. சுவரோடு ஒட்டி நிற்கிறது. நடுவில் உள்ள நீர்தான் மிக வேகமாக ஓடுகிறது. இடைப்பட்டவை அடுக்கடுக்காக ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகின்றன. இப்போது ஆரத்தை இரட்டியுங்கள். நீரைத் தள்ளும் விசை பரப்பைப் பொறுத்தது. அது நான்கு மடங்காகிறது. நீரை இழுத்துப் பிடிக்கும் சுவரின் சுற்றளவு இரண்டு மடங்காகிறது, உண்மைதான். ஆனால் சுவரிலிருந்து நடு மையம் வரை உள்ள தூரமும் இரட்டித்துவிட்டதால், அதே வேகத்தை எட்ட அடுக்குக்கு அடுக்கு உள்ள வேக மாற்றம் பாதியாகிவிடுகிறது. இரட்டிப்பும் பாதியும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. ஆகவே அதே வேகத்தில் ஓடும்வரை சுவரின் இழுப்பு கூடவே இல்லை. தள்ளுவதோ நான்கு மடங்கு. இரண்டும் சமமாகும்வரை நீர் வேகமெடுக்கும், அதாவது நான்கு மடங்கு வேகம் வரை. நான்கு மடங்கு பரப்பு, நான்கு மடங்கு வேகம், மொத்தம் பதினாறு. சமன்பாட்டை நான் எத்தனையோ முறை பார்த்திருந்தாலும், இந்தக் கணக்கு மனதில் விழுந்த பிறகுதான் நான்காம் அடுக்கு எனக்கு இயல்பானதாகத் தெரிந்தது.

ட்ரிப்ஸ் குழாயில் உள்ள சிறு சக்கரத்தைச் செவிலியர்கள் ஏன் அவ்வளவு நிதானமாக உருட்டுகிறார்கள் என்பதும் இங்கே விளங்கும். மெல்லிய துளை ஒன்றின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்துவிடும். நோயாளி முழங்கையை மடக்கினால் சொட்டு நின்றுபோவதும் இதனால்தான். வளைந்த இடத்தில் குழாய் முழுவதும் அடைபட வேண்டியதில்லை, நசுங்கினால் போதும். சொட்டு நின்றால் அனுபவசாலிகள் பாட்டிலை உயர்த்துவதற்கு முன் கையை நேராக்கிப் பார்ப்பார்கள். பிறகு பாட்டிலைக் கைக்குக் கீழே இறக்குவார்கள். இரத்தம் குழாய்க்குள் திரும்பி வந்தால் ஊசி உள்ளேதான் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

சரி, உறையில் அச்சிட்ட எண்களுக்கு வருவோம். பாட்டில் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இளஞ்சிவப்புக் குழாயின் நீளம் 33 மில்லிமீட்டர், நீர் திறந்த வெளியில் விழுகிறது என்று வைத்துக்கொண்டு ப்வாசேயின் சமன்பாட்டில் போட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 மில்லி வருகிறது. அச்சிட்டிருப்பதோ 60. ஆரஞ்சுக்கும் இளஞ்சிவப்புக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் இன்னும் மோசம். ஆரஞ்சு சற்று நீளமானது என்பதையும் கணக்கில் சேர்த்தால் சமன்பாடு சுமார் பதினைந்து மடங்கு என்கிறது. உண்மையில் ஐந்து மடங்குகூட இல்லை.

அச்சுப்பிழை இல்லை. சமன்பாடு சொல்லும் 180 மில்லி அந்தத் துளை வழியே போக வேண்டுமானால் நீர் நொடிக்கு ஏறக்குறைய 6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தடையே இல்லாமல் விழும் பொருள்கூட நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தைத்தான் எட்டும். உராய்வோடு ஓடும் நீர் அதை மிஞ்சவே முடியாது. சமன்பாடு, அழுத்தம் முழுவதும் உராய்வைச் சமாளிக்கவே செலவாகிறது என்று எடுத்துக்கொள்கிறது. நீளமான மெல்லிய குழாயில் அது சரி. குட்டைக் குழாயிலோ, நின்ற நீரை ஓட வைப்பதற்கே அழுத்தத்தின் கணிசமான பங்கு போய்விடுகிறது. நிமிடத்துக்கு 60 மில்லி என்றால் வேகம் நொடிக்கு 2 மீட்டர். அந்த வேகத்தில், ஒரு மீட்டர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே குழாய்க்குள் உராய்வில் போகிறது. மீதி, வேகம் கொடுப்பதிலும், வாயிலில் நுழைவதிலும், மேலே உள்ள ட்ரிப்ஸ் குழாயிலும் கரைகிறது. குழாய் மிகக் குட்டையானால் தன் விதி பொருந்தாது என்பதை ப்வாசேயே கண்டு எழுதியிருந்தார். விட்டம் பெரிதாகப் பெரிதாக அந்த எல்லை நீளமும் கூடுகிறது என்பதையும் கண்டிருந்தார். இப்படி எல்லையையும் சேர்த்துச் சொன்ன விதியைத்தான் நான் முழுமையாக நம்புகிறேன்.

கழுத்தில் போடும் சென்ட்ரல் லைன் நேர் எதிரான உதாரணம். அது பெரிய நாளத்தில் இறங்குவதால் வேகமாக ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அது 15, 20 சென்டிமீட்டர் நீளம். உள்ளே இரண்டு மூன்று தனித்தனித் துளைகள் வேறு. அங்கே உராய்வுதான் ஆட்சி செய்கிறது. இரத்தம் வேகமாகப் போக வேண்டிய நேரத்தில், முழங்கையில் போட்ட குட்டையான சாம்பல் நிறக் குழாய் அதைவிட நன்றாக உதவும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சிவப்பணுப் பை ஏன் மெதுவாக ஏறுகிறது என்பதற்கும் விடை சமன்பாட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது: இரத்தம் நீரைவிடப் பாகுநிலை கூடியது, குளிர்ந்தால் இன்னும் கூடும்.

இனி உறவினரின் கேள்விக்கு வரலாம். பாட்டிலை ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு உயர்த்தினால், நாளத்துக்குள் உள்ள சிறு எதிரழுத்தத்தையும் கழித்தால், அழுத்த வேறுபாடு ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும். பையைச் சுற்றி அழுத்தப் பட்டை கட்டி 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏற்றினால் நான்கைந்து மடங்காகும். நீளமான குழாயில் ஓட்டமும் அதே மடங்கு கூடும். குட்டைக் குழாயிலோ, நீருக்கு வேகம் கொடுக்கும் செலவு வேகத்தின் இருமடியாக ஏறுவதால், நான்கு மடங்கு அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓட்டத்தைத்தான் தரும். அதே குட்டைக் குழாயில் ஆரத்தின் பலனும் நான்காம் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்கை நோக்கி இறங்கிவிடுகிறது. ஆரஞ்சுக்கும் இளஞ்சிவப்புக்கும் நான்கரை மடங்கு வித்தியாசம் வருவது பரப்பின் விகிதம்தான். ஆனால் இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். உராய்வு ஆளும் நீளக் குழாயானாலும் சரி, வேகம் ஆளும் குட்டைக் குழாயானாலும் சரி, ஆரத்தை இரட்டிப்பதற்குச் சமமான பலனை அழுத்தத்தால் மட்டும் பெற வேண்டுமானால் அதைப் பதினாறு மடங்காக்க வேண்டும். ஒரு மீட்டர் கம்பத்தில் தொங்கும் பாட்டிலை அதற்குப் பதினாறு மீட்டர் உயரத்துக்கு, ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு, கொண்டுபோக வேண்டியிருக்கும்.