கல்யாண பிளவுஸ்: கூலிக் கணக்கு எங்கே கூடுகிறது?

முகூர்த்தப் புடவை முதல் மறுவீட்டுப் புடவை வரை ஆறு பிளவுஸ். தையல்காரர் "லைனிங் வச்சு ஒண்ணு அறுநூறு" என்கிறார். 3,600 ரூபாயோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் கூலி மட்டும்தான். லைனிங் துணி அதில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள். சேராவிட்டால், பிளவுஸுக்கு ஒரு மீட்டர், மீட்டர் 80 ரூபாய் என்று வைத்தால் 480 கூடும்.

கொக்கி விலை அற்பம். ஆனால் ஒவ்வொன்றையும் கையால் தைக்க வேண்டும். அந்த வேலை வழக்கமாகக் கூலிக்குள் அடங்கிவிடும்.

பேட் வைப்பதுதான் தனிக் கணக்கு. லைனிங்குக்கும் மேல்துணிக்கும் நடுவே கப்பை வைத்து, நகராமல் பிடித்துத் தைக்க வேண்டும். இடம் அரை அங்குலம் தப்பினாலும் முன்பக்கம் கோணலாகத் தெரியும். அதனால் ஒருமுறை போட்டுப் பார்த்தே முடிப்பார்கள். இரண்டு பிளவுஸுக்கு மட்டும் பேட், தலா 250 என்றால் 500. ஆக மொத்தம் 4,580.

பேரம் பேசுவதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். அவசரத்தில் இதை விட்டால், முதல் சலவையிலேயே உள்துணி சுருங்கி, பட்டு மேலே சுருக்கம் விழும். லைனிங்கை நீங்களே வாங்கி, நனைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்துவிடுங்கள்.