ஆப்ஷன் பிரீமியம் 'ஜீரோ' ஆயிடுச்சா? வருமான வரிக் கணக்கில் அந்த நஷ்டத்தைக் காட்டுவது எப்படி?

அரியலூரில் சிமென்ட் ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டே, பெரம்பலூரில் வெங்காய மண்டி நடத்திக்கொண்டே, செல்போனில் நிஃப்டி ஆப்ஷன் வாங்கி விற்பவரா நீங்கள்? வருமான வரித் துறையைப் பொறுத்தவரை இது தொழில் வருமானம். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் ஐடிஆர்-3 படிவத்தில் காட்டணும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 இதற்குச் செல்லாது.

2022 முதல் 2024 வரையிலான 3 நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக செபி ஆய்வு சொல்கிறது. அதனால் பலருக்கும் முக்கியம், நஷ்டத்தைச் சரியாக எழுதுவதுதான்.

எங்கே தவறு நடக்கிறது?

வாங்கிய ஆப்ஷனை விற்றால், வாங்கியதற்கும் விற்றதற்கும் கான்ட்ராக்ட் நோட்டில் பதிவு இருக்கும். ஆனால் எக்ஸ்பைரி நாளில் அது மதிப்பில்லாமல் காலாவதியானால், விற்ற பதிவே இருக்காது. வாங்கியதையும் விற்றதையும் ஜோடி சேர்த்து கணக்கு எழுதுபவர்கள் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். 2025 அக்டோபரில் நிஃப்டி ஒரு லாட் 75. ஒருவர் அந்த மாதம் 3 டிரேடு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. 80 ரூபாய்க்கு கால் ஆப்ஷன் வாங்கினார். போட்ட 6,000 ரூபாயும் எக்ஸ்பைரியில் போனது.
2. 60 ரூபாய்க்கு புட் ஆப்ஷன் வாங்கி 100 ரூபாய்க்கு விற்றார். லாபம் 3,000 ரூபாய்.
3. 20 ரூபாய்க்கு ஒரு கால் ஆப்ஷனை முதலில் விற்றார். அது காலாவதியானதால், வாங்கிய பிரீமியம் 1,500 ரூபாயும் லாபம்.

ஜோடி இருப்பது இரண்டாவது டிரேடுக்கு மட்டும்தான். அதை மட்டும் எழுதினால் 3,000 ரூபாய் லாபம் போலத் தெரியும். உண்மையில் 1,500 ரூபாய் நஷ்டம். புரோக்கரேஜ், எஸ்டிடி, ஜிஎஸ்டி போன்ற செலவு 400 ரூபாய் என்றால், அதையும் கழித்து நஷ்டம் 1,900 ரூபாய்.

காலாவதியான ஆப்ஷனுக்கு எக்ஸ்பைரி தேதியைப் போட்டு, 'மூடிய விலை 0' என்று ஒரு வரி எழுதினாலே போதும், ஜோடி சேர்ந்துவிடும்.

டர்ன்ஓவர் எவ்வளவு?

லாபம், நஷ்டம் இரண்டையும் மைனஸ் குறி பார்க்காமல் கூட்டணும். இந்த உதாரணத்தில் 6,000 + 3,000 + 1,500 = 10,500 ரூபாய். ஆடிட் தேவையா என்பதைப் பார்க்க இந்தத் தொகைதான் அடிப்படை. விற்ற பிரீமியம் ஏற்கெனவே லாபத்தில் சேர்ந்திருந்தால், அதைத் தனியாக மறுபடி கூட்டக் கூடாது.

போனஸ் வந்தால் என்ன ஆகும்?

பங்கு ஆப்ஷனில் இன்னொரு சிக்கல் உண்டு. 2024 அக்டோபர் 28-ல் ரிலையன்ஸ் பங்கு 1:1 போனஸுக்கு மாறியபோது, ஸ்ட்ரைக் விலை பாதியானது, லாட் இரண்டு மடங்கானது. 2,700 ஸ்ட்ரைக்கில் 60 ரூபாய்க்கு 250 வாங்கியிருந்தால், அது 1,350 ஸ்ட்ரைக்கில் 30 ரூபாய்க்கு 500 ஆக மாறும். போட்ட பணம் அதே 15,000 ரூபாய்தான். இந்த மாற்றத்தைக் குறித்து வைக்காவிட்டால், வாங்கியது 250, விற்றது 500 என்று கணக்கு இடிக்கும்.

கணக்கு சரியா என்று எப்படித் தெரிஞ்சுக்கறது?

புரோக்கர் தரும் லெட்ஜரை எடுங்கள். ஆண்டுத் தொடக்க இருப்போடு போட்ட பணத்தைக் கூட்டி, எடுத்த பணத்தைக் கழியுங்கள். கடைசி இருப்பு அதைவிடக் குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம்தான் நஷ்டம். உதாரணத்தில் உள்ளவர் 20,000 ரூபாய் போட்டிருந்தால், 18,100 ரூபாய் மிஞ்சியிருக்கணும். மார்ச்சில் வாங்கி ஏப்ரலில் முடித்த டிரேடு இருந்தால், அதைத் தனியாக ஒதுக்கி அடுத்த ஆண்டில் எழுதுங்கள். பங்குகளில் இன்ட்ராடே செய்திருந்தால் அதுவும் தனிக் கணக்கு. அது ஊக வணிகம் என்ற பிரிவில் வரும்.

நஷ்டத்தால் என்ன பயன்?

சம்பளத்தில் இதைக் கழிக்க முடியாது. மண்டி லாபம், வாடகை, வங்கி வட்டி போன்றவற்றில் அதே ஆண்டில் கழிக்கலாம். மீதியை 8 ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று, தொழில் வருமானத்தில் மட்டும் கழிக்கலாம். ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருக்கணும். ஒரு நாள் தாமதமானாலும் எடுத்துச் செல்லும் உரிமை போய்விடும்.

அதனால் கான்ட்ராக்ட் நோட், லெட்ஜர், புரோக்கரின் டாக்ஸ் பி அண்ட் எல் அறிக்கை மூன்றையும் ஏப்ரலிலேயே டவுன்லோடு செய்து, அந்த நஷ்டம் முழுசா கழிந்து முடியும்வரை பத்திரமாக வையுங்கள்.