ஊர்ப் பெயரில் ஒளிந்திருக்கும் மரம்

சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. அது ஒரு மரத்தின் பெயர். நடராசர் கோயிலின் தலமரமும் அதுதான். ஆனால் அந்த மரத்தைக் காடாகப் பார்க்க, கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போய்ப் பிச்சாவரத்தில் படகு ஏற வேண்டும்.

தில்லை உப்பங்கழியோரம், அலையாத்திக் காடுகளில் வளரும் மரம். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் சில நாள் பார்வையே மங்கிப் போகலாம். இப்படிப்பட்ட மரத்தை யாரும் நிழலுக்காக நட்டிருக்க மாட்டார்கள். தானாக வளர்ந்த காட்டின் பெயர்தான் ஊருக்கு வந்திருக்க வேண்டும். உப்புநீர் ஒரு காலத்தில் இன்னும் உள்ளே வந்தது என்பதற்கு அந்தப் பெயர் ஒரு குறிப்பு. முத்துப்பேட்டைக் காயலுக்குப் பக்கத்திலும் ஒரு தில்லைவிளாகம் இருக்கிறது. அதுவும் அலையாத்திக் காட்டுப் பகுதிதான்.

எல்லாப் பெயரும் இவ்வளவு நேராகப் பேசாது. குருத்தலமான ஆலங்குடியைக் கேட்டதும் ஆலமரம் நினைவுக்கு வரும். தலபுராணமோ சிவன் உண்ட ஆலகால விஷத்தைச் சொல்லும். தேவாரம் அந்த ஊரை அழைப்பது இரும்பூளை என்று. பூளை ஒரு செடி, அங்கே தலமரமும் அதுவே. ஆகவே பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. பழைய பெயர், மண், தண்ணீர் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பெயரில் மருதம் இருந்தால், முதலில் பக்கத்தில் ஆறு ஓடுகிறதா என்று பாருங்கள். மருதமரம் ஆற்றங்கரைவாசி.