நீர்ச் சுழற்சி: கண்ணாடிச் சாடிப் பாடம்

நீர்ச் சுழற்சி என்பது கடல், காற்று, நிலம் ஆகியவற்றுக்கிடையே நீர் இடைவிடாமல் இடம்பெயர்வதைக் குறிக்கும். ஒன்பது வயது மாணவர்களுக்கு இதை ஒரு கண்ணாடிச் சாடியைக் கொண்டு ஒரே பாடவேளையில் விளக்கலாம்.

தேவையானவை

அகன்ற வாயுள்ள ஒரு லிட்டர் கண்ணாடிச் சாடி, அதன் வாயை முழுவதும் மூடும் எவர்சில்வர் தட்டு, சூடான நீர், பனிக்கட்டிகள், சிவப்பு, நீலம் ஆகிய இரண்டு உணவு நிறமிகள். நீல நிறமி கலந்த நீரைக் கொண்டு முந்தைய நாளே பனிக்கட்டி செய்துகொள்ள வேண்டும்.

செய்முறை

சாடி விரிசல் விடாமலிருக்க, முதலில் அதை வெதுவெதுப்பான நீரால் அலச வேண்டும். பின் சிவப்பு நிறமி கலந்த சூடான நீரை ஐந்து செ.மீ. உயரத்துக்கு ஊற்ற வேண்டும். நீர் கொதிநிலையில் இருக்கக் கூடாது; ஆசிரியரே ஊற்ற வேண்டும். தட்டால் மூடி, அதன் மேல் ஆறேழு பனிக்கட்டிகளை வைத்துப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தட்டின் அடியில் நீர்த்துளிகள் தோன்றும். அவை பெரிதானதும் கீழே சொட்டும்.

துளி எங்கிருந்து வந்தது?

"பனிக்கட்டி உருகித் தட்டு வழியாக இறங்கியது" என்றே பல மாணவர்கள் சொல்வார்கள். நிறமிகளின் பயன் இங்கேதான். தட்டை எடுத்து அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளில் ஒற்றினால் தாள் நனையும், ஆனால் நிறம் படியாது. பனிக்கட்டியிலிருந்து வந்திருந்தால் நீலமாகவும், கீழிருந்து நீர் தெறித்திருந்தால் சிவப்பாகவும் இருந்திருக்கும். எனவே நீர் மட்டும் ஆவியாகி மேலே சென்றது. நிறமி கீழேயே தங்கிவிட்டது. கடல்நீர் உப்பாக இருந்தும் மழைநீர் உப்பில்லாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

சாடியின் எல்லைகள்

சாடிக்கு வெப்பம் அடுப்பிலிருந்து வந்தது. இயற்கையில் அது சூரியனிடமிருந்து வருகிறது. ஆவியாக நீர் சூடாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு நிழலில் உலரும் ஈரத்துணியே சான்று. வானில் தட்டு எதுவும் இல்லை. மேலெழும் காற்று குளிரும்போது அதிலுள்ள நீராவி நுண்ணிய தூசுகளின் மேல் துளிகளாகப் படிந்து மேகமாகிறது.

படத்தாள்

தாளில் கடல், சூரியன், மேகம், மலை, ஆறு ஆகியவை வரையப்பட்டு, ஐந்து அம்புக்குறிகளுக்கு அருகே வெற்றுக் கட்டங்கள் இருக்க வேண்டும். எழுத வேண்டிய சொற்கள்: ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு, நீர் வழிந்தோடல், நிலத்தில் ஊடுருவல். இவை பொருள்களின் பெயர்கள் அல்ல, நிகழ்வுகளின் பெயர்கள். சூரியனுக்கு அருகே "ஆவியாதல்" என்று எழுதும் மாணவர், நீர் சூரியனிடமிருந்து வருவதாக எண்ணியிருக்கலாம். அந்த அம்பு கடற்பரப்பில் தொடங்கி மேல்நோக்கிச் செல்ல வேண்டும்.

சாடியில் காணாத நிகழ்வுகள் எவை என்று இறுதியில் கேட்கலாம். வழிந்தோடலையும் ஊடுருவலையும் மாணவர் சுட்டிக்காட்டினால், படத்தையும் சாடியையும் அவர் சரியாக ஒப்பிட்டிருக்கிறார் என்று கொள்ளலாம்.