“எனக்கு ஆள் பார்க்காதே!”

பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிட்ட தோழி, தன் அலுவலக நண்பர் ஒருவரைச் சரியாக உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கிறாள். மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் கேள்வி வருகிறது: “ஆள் எப்படிடி?” இவர் மூன்றாவது ஆள் என்றால், நீங்கள் பேசியே ஆக வேண்டும்.

பலர் இங்கே வந்தவரைக் குறை சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். “ரொம்பப் பேசறார்” என்றால், அடுத்த முறை அமைதியான ஒருவர் வருவார். “இப்ப வேலை அதிகம்” என்றால், வேலை குறைந்ததும் பேச்சு தொடங்கும். பிடிக்காதது ஆள் அல்ல, இந்த ஏற்பாடுதான் என்பது தோழிக்குப் புரிய வேண்டும்.

நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியாக இருக்கும்போது சொல்லுங்கள்: “என் நல்லதுக்குத்தான் செய்யறே, தெரியும். ஆனா எனக்குச் சங்கடமா இருக்கு. இனிமே எனக்காக யாரையும் பார்க்காதே. என்னைக் கேக்காம என் நம்பரையோ போட்டோவையோ யாருக்கும் கொடுக்காதே.” “தேவைப்பட்டா நானே கேக்கறேன்” என்பதை, உண்மையிலேயே கேட்பதாக இருந்தால் மட்டும் சேருங்கள்.

“இந்த ஒரு தடவை மட்டும்” என்று கெஞ்சினால் காரணங்களை அடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருக்கும். “வேண்டாம்னு சொல்லிட்டேனே” என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

அதற்குப் பிறகும் யாரையாவது அழைத்து வந்தால், அவரிடம் மரியாதையாகவே பேசுங்கள். பாவம், அவருக்கும் விஷயம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தோழியின் அடுத்த அழைப்புக்கு, “வேற யாரெல்லாம் வர்றாங்க?” என்று கேட்ட பிறகே சம்மதியுங்கள்.